முந்துகாலச் சாய்வும் மிகை நோயறிதலும்

முந்துகாலச் சாய்வு என்பது, ஒரு நோய் முன்னதாகவே கண்டறியப்பட்டதனால் மட்டும், நோயாளி கூடுதல் காலம் உயிர்வாழ்ந்தது போலக் கணக்கில் தோன்றும் புள்ளியியல் பிழை ஆகும். மிகை நோயறிதல் என்பது, கண்டறியப்படாமலே விடப்பட்டிருந்தால் அந்த மனிதரின் ஆயுட்காலம் முழுவதும் எவ்விதத் தொல்லையும் தந்திராத ஒரு புற்றுநோயைக் கண்டறிவது ஆகும். இவை இரண்டும் வெவ்வேறானவை. எனினும் இரண்டும் ஒரே எண்ணைத் திரித்துக் காட்டுகின்றன. அவ்வெண், நோய் கண்டறியப்பட்ட பின் ஐந்தாண்டுகள் உயிரோடு இருப்போரின் விழுக்காடு ஆகும். இதனை ஐந்தாண்டு உயிர்வாழ்வு என்பர்.

அறிகுறி ஏதும் இல்லாதவரிடம் நோயைத் தேடிச் செய்யப்படும் சோதனை இக்கட்டுரையில் முன்சோதனை எனப்படுகிறது. மருத்துவமனைகளில் இது 'ஸ்கிரீனிங்' என்றே வழங்குகிறது. மார்பில் கட்டி தட்டுப்படுவதாலோ, உதிரப்போக்கு ஏற்படுவதாலோ மருத்துவரிடம் செல்பவருக்குச் செய்யப்படும் சோதனை முன்சோதனை அன்று. அவருக்கு இக்கட்டுரையில் கூறப்படும் ஐயங்கள் எவையும் பொருந்தா. அவர் காலம் தாழ்த்தாமல் சோதித்துக்கொள்ள வேண்டியவரே ஆவார்.

## எளிய எடுத்துக்காட்டு

சென்னைக்குத் தெற்கே சிறுசேரியில் பிறந்த இரட்டையர் இருவரைக் கற்பனை செய்துகொள்வோம். இருவருக்கும் 48ஆம் அகவையில் நுரையீரலில் ஒரே வகையான புற்றுநோய் தொடங்குகிறது. இருவர் உடலிலும் அது ஒரே வேகத்தில் வளர்கிறது. 53ஆம் அகவையில் அது ஸ்கேனில் தென்படும் அளவை எட்டுகிறது. 57ஆம் அகவையில் இருமலில் இரத்தம் வரத் தொடங்குகிறது. இவர்களுக்கு வந்த நோய்க்கு எந்தச் சிகிச்சையும் பயன் தரவில்லை என்றும் கொள்வோம். இருவரும் 60ஆம் அகவையில் இறக்கின்றனர்.

தம்பி சிறுசேரி சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் பணியாற்றுபவர். அவருடைய நிறுவனம் ஆண்டுதோறும் 'மாஸ்டர் ஹெல்த் செக்கப்' செய்விக்கிறது. அதில் 53ஆம் அகவையிலேயே அவருக்கு நோய் கண்டறியப்படுகிறது. அதன்பின் அவர் ஏழு ஆண்டுகள் வாழ்கிறார். அண்ணன் ஊருக்குள் மளிகைக் கடை நடத்துபவர். அவர் இரத்தம் கண்ட பிறகே மருத்துவமனைக்குச் செல்கிறார். 57இல் நோய் உறுதியாகிறது. அதன்பின் மூன்று ஆண்டுகளே வாழ்கிறார்.

இப்போது ஐந்தாண்டு உயிர்வாழ்வைக் கணக்கிடுவோம். தம்பியைப் போன்ற நூறு பேரை எடுத்துக்கொண்டால், நோயறிந்து ஐந்தாண்டு கழிந்த பின் நூறு பேரும் உயிரோடு இருப்பர். அதாவது 100 விழுக்காடு. அண்ணனைப் போன்ற நூறு பேரில் ஒருவரும் இரார். அதாவது 0 விழுக்காடு. முன்சோதனை செய்துகொண்டோரில் அனைவரும் பிழைத்தனர், செய்துகொள்ளாதோரில் ஒருவரும் பிழைக்கவில்லை என்று ஒரு விளம்பரப் பலகையில் எழுதினால், அவ்வெண்களில் ஒன்றுகூடப் பொய்யாகாது. ஆனால் இருநூறு பேரும் 60ஆம் அகவையிலேயே இறந்தனர். ஒருவருக்கும் ஒரு நாள்கூடக் கூடவில்லை.

நடந்தது என்னவெனில், கடிகாரம் நான்கு ஆண்டுகள் முன்னதாக ஓடத் தொடங்கியது. ஓட்டம் முடிந்த இடம் மாறவில்லை. 53க்கும் 57க்கும் இடைப்பட்ட இந்த நான்கு ஆண்டுகளே முந்துகாலம் எனப்படுகின்றன. தம்பி பெற்றது கூடுதல் வாழ்நாள் அன்று, நோயாளியாக வாழ்ந்த கூடுதல் ஆண்டுகளே. அந்த நான்கு ஆண்டுகளிலும் அண்ணன் கடையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். தம்பி மருத்துவமனை வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

இந்த எடுத்துக்காட்டில் சிகிச்சை பயனற்றது எனக் கொண்டது, சாய்வைத் தனித்துக் காட்டுவதற்காகவே. மெய்யாகவே பயன்தரும் முன்சோதனைகளிலும் இச்சாய்வு இருக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். முன்னதாகக் கண்டதால் தம்பி 62 அகவை வரை வாழ்ந்திருந்தால், நோயறிந்த பின் அவர் வாழ்ந்த காலம் ஒன்பது ஆண்டுகள். அண்ணனைவிட ஆறு ஆண்டுகள் மிகுதி. அவற்றுள் நான்கு வெறும் முந்துகாலம். இரண்டு மட்டுமே உண்மை ஆதாயம். நோயறிந்த நாளிலிருந்து எண்ணும் எந்தக் கணக்கும் இந்த ஆறினை நான்காகவும் இரண்டாகவும் பிரித்துக் காட்டாது. ஏனெனில் நடைமுறையில் ஒருவருக்கு ஒரே வாழ்வுதான் உண்டு. முன்சோதனை செய்யாதிருந்தால் அவருக்கு எப்போது அறிகுறி தோன்றியிருக்கும் என்பதை அறிய வழியில்லை.

## மிகை நோயறிதல்

முந்துகாலம் நான்கு ஆண்டுகள் அன்றி நாற்பது ஆண்டுகளாக இருந்தால் என்ன ஆகும்? நோய் அறிகுறி காட்டும் முன்பே அந்த மனிதர் மாரடைப்பாலோ, விபத்தாலோ, முதுமையாலோ இறந்துவிடுவார். சில கட்டிகள் வளராமலே நின்றுவிடுகின்றன. சில தாமாகவே சுருங்கி மறைகின்றன. இத்தகைய கட்டியைக் கண்டறிந்தால் அது மிகை நோயறிதல்.

இது தவறான சோதனை முடிவு அன்று. இந்த வேறுபாட்டைப் பலர் குழப்பிக்கொள்கின்றனர். தவறான நேர்மறை முடிவில், மேற்கொண்டு சோதித்தால் புற்றுநோய் இல்லை என்பது தெரிந்துவிடும். மிகை நோயறிதலிலோ, திசுவை நுண்ணோக்கியில் காணும் நோயியல் மருத்துவர் புற்றுநோய் என்றே கூறுவார். அவர் கூறுவது சரியும் ஆகும். உயிரணுக்களின் தோற்றம் புற்றுநோயின் தோற்றமே. அக்கட்டி இனி என்ன செய்யும் என்பதே அந்தக் கண்ணாடித் தகட்டில் எழுதப்பட்டிருப்பதில்லை.

இதன் விளைவையும் எண்களால் காட்டலாம். பத்தாயிரம் பேர் வாழும் ஒரு பகுதியில், முன்சோதனை இல்லாத நிலையில், 100 பேருக்கு அறிகுறியுடன் ஒரு புற்றுநோய் வருகிறது என்றும், அவர்களுள் 60 பேர் ஐந்தாண்டுகளுக்குள் இறக்கின்றனர் என்றும் கொள்வோம். ஐந்தாண்டு உயிர்வாழ்வு 40 விழுக்காடு. அதே அளவுள்ள அடுத்த பகுதியில் முன்சோதனை நடைபெறுகிறது. அங்கு அதே 100 பேருடன், தொல்லை தராத கட்டியுடைய மேலும் 100 பேரும் கண்டறியப்படுகின்றனர். நோயாளிகள் 200 பேர். இறப்போர் அதே 60 பேர். எஞ்சியோர் 140 பேர். ஐந்தாண்டு உயிர்வாழ்வு 70 விழுக்காடாக உயர்ந்துவிடுகிறது. பத்தாயிரம் பேரில் இறந்தோர் எண்ணிக்கை இரு பகுதிகளிலும் 60தான். மாறியது ஒன்றே ஒன்று. இரண்டாம் பகுதியில் நூறு பேர் தேவையின்றி அறுவை, கதிர்வீச்சு, மருந்து ஆகியவற்றுக்கு உட்பட்டனர்.

அந்த நூறு பேரில் ஒருவரும் தமக்கு நேர்ந்ததை அறியமாட்டார் என்பதே இதில் துயரமானது. கட்டி அகற்றப்பட்டது, பத்தாண்டுகளாக நலமாக உள்ளோம், ஆகவே சோதனைதான் உயிரைக் காத்தது என்றே ஒவ்வொருவரும் எண்ணுவர். அதனையே உறவினரிடமும் அண்டை அயலாரிடமும் கூறுவர். அவர்களைக் கேட்போர் தாமும் சோதனைக்குச் செல்வர். மிகை நோயறிதல் எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவுக்குச் சோதனையின் புகழும் கூடும். மருத்துவரும் இதில் வேண்டுமென்றே ஏமாற்றுபவர் அல்லர். தாம் அறுவை செய்த நோயாளிகள் நன்றாக வாழ்வதை அவரும் கண்ணாரக் காண்கிறார்.

## கழுத்துச் சுரப்பி: தென்கொரியாவில் நிகழ்ந்தது

மிகை நோயறிதலுக்கு மிகத் தெளிவான சான்று தென்கொரியாவிலிருந்து கிடைத்தது. அந்நாடு 1999இல் அரசின் புற்றுநோய் முன்சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. தைராய்டு அத்திட்டத்தில் இடம்பெறவில்லை. ஆனால் சோதனைக்கு வந்தோரிடம், சிறு கட்டணத்துக்குக் கழுத்தையும் அல்ட்ராசவுண்ட் மூலம் பார்த்துவிடலாம் என மருத்துவமனைகள் கூறின. பலரும் இசைந்தனர். 2011இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படும் வீதம் 1993இல் இருந்ததைப் போல 15 மடங்காகியிருந்தது. அவ்வோராண்டில் மட்டும் 40,000க்கும் மேற்பட்டோருக்கு அந்நோய் உள்ளதாகக் கூறப்பட்டது. அந்நோயால் இறப்போர் எண்ணிக்கையோ ஆண்டுக்கு நானூறுக்கும் குறைவு. அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஐந்தாண்டு உயிர்வாழ்வு ஏறத்தாழ 100 விழுக்காட்டை எட்டியது. அவ்வெண்ணை மட்டும் பார்த்தால் உலகிலேயே சிறந்த தைராய்டு சிகிச்சை அங்கு நடந்ததாகத் தோன்றும்.

கண்டறியப்பட்டோரில் பெரும்பாலோருக்குச் சுரப்பி முழுவதுமோ பகுதியோ அகற்றப்பட்டது. முழுவதும் அகற்றப்பட்டவர் வாழ்நாள் முழுதும் நாள்தோறும் தைராக்சின் மாத்திரை உட்கொள்ள வேண்டும். அறுவைக்கு உட்பட்டோரை ஆராய்ந்த ஒரு கணக்கில், ஏறத்தாழ 11 விழுக்காட்டினருக்கு உடலின் சுண்ணாம்புச் சத்தைக் காக்கும் இணைத்தைராய்டு சுரப்பிகள் குன்றியிருந்தன. 2 விழுக்காட்டினருக்குக் குரல்நாண் செயலிழந்திருந்தது. 2014இல் மருத்துவர் குழு ஒன்று இந்தச் சோதனையைக் கைவிடுமாறு பொதுவெளியில் வேண்டுகோள் விடுத்தது. ஓராண்டுக்குள் தைராய்டு அறுவைகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன.

இவ்வளவு கட்டிகள் எங்கிருந்து வந்தன என்னும் கேள்விக்கு விடை முன்னரே இருந்தது. பின்லாந்தில் வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டு சுரப்பிகளை மெல்லிய சீவல்களாக வெட்டி ஆராய்ந்து 1985இல் வெளியிட்ட முடிவில், மூன்றில் ஒருவருக்கு மேல் நுண்ணிய தைராய்டு புற்றுநோய் இருந்தது தெரியவந்தது. அவர்களுள் எவரும் அதனால் இறக்கவில்லை. தேடத் தேடக் கிடைக்கும் ஒரு பொருளின் எண்ணிக்கை, தேடுவோரின் ஊக்கத்தையே அளக்கிறது. இந்தியாவில் கேரளத்தின் திருவனந்தபுரத்துப் பதிவேட்டில் 2006க்குப் பின் பெண்களிடையே தைராய்டு புற்றுநோய் விரைந்து ஏறியதற்கும் மிகை நோயறிதலையே ஆய்வாளர்கள் காரணமாகக் காட்டினர்.

## மெதுவான கட்டிகளே மிகுதியாகச் சிக்குவது

இவ்விரண்டுக்கும் இடையில் மூன்றாவதாக ஒரு சாய்வும் உண்டு. பழைய மாமல்லபுரம் சாலையில் நாவலூர் முதல் சிறுசேரி வரையான தொலைவை வானிலிருந்து ஒரே ஒரு நிழற்படம் எடுப்பதாகக் கொள்வோம். அத்தொலைவை மெதுவாகக் கடக்கும் தண்ணீர் லாரிகள் நெடுநேரம் அங்கேயே இருப்பதால் படத்தில் மிகுதியாக அகப்படும். விரைந்து செல்லும் மோட்டார் சைக்கிள்கள், நாள் முழுவதும் கடந்துசெல்லும் எண்ணிக்கையில் எவ்வளவு மிகுந்திருந்தாலும், படத்தில் குறைவாகவே விழும். முன்சோதனையும் அத்தகைய நிழற்படமே. ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் படத்தில், பல்லாண்டுகள் மறைந்து வளரும் சாதுவான கட்டிகளே சிக்குகின்றன. இரு சோதனைகளுக்கு இடையே தோன்றி, பரவி, அறிகுறியும் காட்டிவிடும் கொடிய கட்டிகள் தப்பிவிடுகின்றன. எனவே முன்சோதனையில் கண்ட நோயாளிகளை அறிகுறியுடன் வந்த நோயாளிகளோடு ஒப்பிடுவது, தொடக்கத்திலேயே நல்வாய்ப்பு உள்ளவரை அஃது இல்லாதவரோடு ஒப்பிடுவது ஆகும்.

## திண்டுக்கல் ஆய்வு

அப்படியானால் ஒரு முன்சோதனை உயிரைக் காக்கிறதா என்பதை எவ்வாறு அறிவது? தமிழ்நாட்டிலேயே அதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கையில் உள்ள கிறித்தவ சமூக நல மையமும், பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் பிறரும் இணைந்து 2000ஆம் ஆண்டில் தொடங்கிய கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆய்வே அது. முடிவுகள் 2007இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தன.

சோதனை மிக எளியது. பயிற்சி பெற்ற செவிலியர் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவுவார். ஒரு நிமிடம் கழித்து, மாறுதலடைந்த இடம் வெண்ணிறமாகத் தெரிகிறதா எனக் கண்ணால் பார்ப்பார். வெண்மை தெரிந்தால் உருப்பெருக்கியால் பார்த்து, தேவையெனில் திசு எடுத்து, பொருத்தமானவர்க்கு உறைகுளிர் முறையில் அவ்விடத்தை அழிப்பர். பெரும்பாலும் ஒரே வருகையில் எல்லாம் முடிந்துவிடும்.

ஆய்வின் வலிமை சோதனையில் இல்லை, எண்ணும் முறையில் உள்ளது. மாவட்டத்தின் 114 தொகுதிகள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. 57 தொகுதிகளில் 30 முதல் 59 அகவை வரையுள்ள 49,311 பெண்களுக்குச் சோதனை அளிக்க முன்வந்தனர். மற்ற 57 தொகுதிகளில் இருந்த 30,958 பெண்களுக்கு வழக்கமான மருத்துவ வசதி மட்டும் இருந்தது. அழைக்கப்பட்டோரில் 31,343 பேர் சோதனைக்கு வந்தனர். ஏறத்தாழ 18,000 பேர் வரவில்லை. எனினும் கணக்கு எடுக்கும்போது வராதவரும் அழைக்கப்பட்ட குழுவிலேயே வைக்கப்பட்டனர். இது முதலில் விந்தையாகத் தோன்றலாம். ஆனால் சோதனைக்குத் தாமாக வருவோர் பொதுவாகவே உடல்நலத்தில் அக்கறை உள்ளவர். அவர்களை மட்டும் தனியே எடுத்தால் குலுக்கலின் நேர்மை போய்விடும்.

2006 வரை பின்தொடர்ந்ததில், அழைக்கப்பட்ட குழுவில் 167 பேருக்குப் புற்றுநோய் கண்டது. 83 பேர் அதனால் இறந்தனர். மற்றக் குழுவில் 158 பேருக்குக் கண்டது. 92 பேர் இறந்தனர். இங்கே ஒரு தவறான கணக்கையும் சரியான கணக்கையும் அடுத்தடுத்துச் செய்து பார்ப்பது பயன்தரும்.

தவறான கணக்கு இது. அழைக்கப்பட்ட குழுவின் நோயாளிகளுள் இறந்தோர் 167இல் 83, அதாவது பாதிப் பேர். மற்றக் குழுவில் 158இல் 92, அதாவது 58 விழுக்காடு. ஆகவே முன்சோதனை நோயாளிகளின் இறப்பைச் சற்றே குறைத்தது என முடிவு கட்டலாம். இக்கணக்கின் வகுக்கும் எண் நோயாளிகள். முந்துகாலமும் மிகை நோயறிதலும் புகுந்து திரிப்பது அந்த எண்ணைத்தான்.

சரியான கணக்கில் வகுக்கும் எண், நோய் வந்தாலும் வராவிட்டாலும் குழுவில் இருந்த பெண்கள் அனைவரும் ஆவர். ஒரு பெண்ணை ஓராண்டு பின்தொடர்ந்தால் அது ஒரு பெண்-ஆண்டு. அழைக்கப்பட்ட குழுவில் 2,74,430 பெண்-ஆண்டுகள், மற்றதில் 1,78,781. ஆகவே ஒரு இலட்சம் பெண்-ஆண்டுக்கு இறப்பு முதல் குழுவில் ஏறத்தாழ 30, இரண்டாம் குழுவில் ஏறத்தாழ 51. அகவை முதலிய வேறுபாடுகளுக்கு ஈடுசெய்தபின், இறப்பு 35 விழுக்காடு குறைந்ததாக ஆய்வாளர்கள் கணித்தனர். இந்த எண்ணில் நோய் எப்போது கண்டறியப்பட்டது என்பதற்கு இடமே இல்லை. எண்ணத் தொடங்கும் நாள் இரு குழுவுக்கும் ஒன்றே. தொல்லை தராத ஆயிரம் கட்டிகளைக் கண்டுபிடித்தாலும் இவ்வெண் அசையாது.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. அழைக்கப்பட்ட குழுவில் புற்றுநோய் நிகழ்வும் 25 விழுக்காடு குறைந்தது. தைராய்டில் முன்சோதனை நோயாளிகளைப் பெருக்கியது, இங்கோ குறைத்தது. காரணம், இச்சோதனை புற்றுநோயை மட்டுமன்றி அதற்கு முந்தைய மாற்றத்தையும் கண்டு அழிக்கிறது. இதனால் ஐந்தாண்டு உயிர்வாழ்வு இங்கு எதிர்த் திசையிலும் பிழைக்கக்கூடும். மெதுவாக வளர்ந்து எளிதில் குணமாகியிருக்கக்கூடிய நோய்கள் புற்றுநோயாகும் முன்பே அழிந்துவிட்டால், எஞ்சி வருவோரில் கொடிய நோயுடையோரின் பங்கு கூடும். அப்போது உயிர்வாழ்வு விழுக்காடு இறங்கும், இறப்போரும் குறைவர். இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்கலாம்.

மிகை நோயறிதல் திண்டுக்கல்லில் இல்லவே இல்லை என்று கூறவும் முடியாது. அது புற்றுநோயில் அன்றி அதற்கு முந்தைய படியில் மறைந்துள்ளது. சோதிக்கப்பட்டோரில் 3,088 பேருக்கு வெண்மை தெரிந்தது. அழைக்கப்பட்ட குழுவில் 1,874 பெண்களுக்கு முந்தைய மாற்றம் இருப்பதாகக் கண்டனர். அவர்களில் 72 விழுக்காட்டினர் சிகிச்சை பெற்றனர். மற்றக் குழுவில் நோய் வந்த வீதத்தை, அதாவது இலட்சம் பெண்-ஆண்டுக்கு 88 என்பதை, சோதனைக்கு வந்த 31,343 பேருக்குப் பொருத்திப் பார்த்தால், ஆறு ஆண்டுகளில் ஏறத்தாழ 165 பேருக்கே புற்றுநோய் வந்திருக்கும். முந்தைய மாற்றம் புற்றுநோயாகப் பத்தாண்டுக்கு மேலும் ஆகலாம் என்பதால் இந்த ஒப்பீடு தோராயமானதே. எனினும் 1,874 மாற்றங்களுள் பெரும்பாலானவை, குறிப்பாகத் தாழ்ந்த நிலையிலுள்ளவை, தாமே மறைந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. உறைகுளிர் சிகிச்சை சில நிமிடங்களில் முடிவது, தீங்கு சிறிது. ஆகவே அந்த மிகையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது பலரது கருத்து. கழுத்துச் சுரப்பியை அகற்றுவதையும் இதையும் ஒரே தராசில் வைக்க இயலாது.

## நிலை மாற்றம் போதிய சான்றா?

உயிர்வாழ்வு விழுக்காட்டை நம்ப முடியாது என்றால், எந்த நிலையில் நோய் கண்டறியப்படுகிறது என்பதைப் பார்க்கலாமே என்று கேட்பதுண்டு. முன்சோதனைக்குப் பின் முதல் நிலை நோயாளிகளின் பங்கு கூடினால் அது வெற்றிதானே? பங்கு என்பது விழுக்காடு. மேலே கண்ட பத்தாயிரம் பேர் எடுத்துக்காட்டில், சாதுவான நூறு கட்டிகள் சேர்ந்தபோது முதல் நிலையின் பங்கு தானாகவே உயரும். முற்றிய நோயுடன் வருவோரின் எண்ணிக்கை ஒன்றுகூடக் குறைந்திராது. பார்க்க வேண்டியது, மக்கள்தொகையில் முற்றிய நிலை நோயாளிகளின் எண்ணிக்கை குறைந்ததா என்பதே.

அதுவும் எப்போதும் போதாது. மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய ஆய்வில் 1,51,538 பெண்கள் இடம்பெற்றனர். ஒரு பாதியினருக்குப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை மார்பைக் கையால் சோதித்தனர். 2021இல் வெளியான இருபதாண்டு முடிவின்படி, சோதிக்கப்பட்டோரிடம் நோய் முந்தைய நிலையிலேயே கண்டறியப்பட்டது ஐயமின்றித் தெரிந்தது. ஆனால் மார்பகப் புற்றுநோய் இறப்பு மொத்தத்தில் 15 விழுக்காடு மட்டுமே குறைந்திருந்தது; அது தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்னும் எல்லைக்குள்ளேயே இருந்தது. 50 அகவைக்கு மேற்பட்டோரிடம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. இளையோரிடம் தெளிவான பயன் இல்லை. பிரித்தானியாவில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பெண்களிடம் நடந்த சூலகப் புற்றுநோய் ஆய்வு இன்னும் கடுமையான பாடம். சிஏ-125 என்னும் இரத்தச் சோதனையை அடிப்படையாகக் கொண்ட முறையில் முதல் நிலை நோய்கள் கூடுதலாகவும், நான்காம் நிலை நோய்கள் குறைவாகவும் கண்டறியப்பட்டன. இருந்தும் 2021இல் வெளியான முடிவில் இறப்பு குறையவில்லை. அதே சிஏ-125 நம் நகரங்களில் விற்கப்படும் சில உடற்பரிசோதனைத் தொகுப்புகளில் பெண்களுக்கான சிறப்பு அம்சமாக இடம்பெறுவது வியப்புக்குரியது.

## கண்டுகொள்ளும் வழியும் வரம்பும்

ஒரு மருத்துவமனை தன்னிடம் வந்தோரை மட்டுமே அறியும். ஆகவே அது எவ்வளவு நேர்மையாகக் கணக்கிட்டாலும் இறப்பு வீதத்தைக் கூற இயலாது; உயிர்வாழ்வு விழுக்காட்டையே கூற முடியும். இறப்பு வீதத்துக்கு ஒரு பகுதியில் வாழ்வோர் அனைவரையும், அங்கு நேரும் இறப்புகளின் காரணங்களையும் அறிந்த பதிவேடு வேண்டும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1980களின் தொடக்கம் முதல் நடத்திவரும் சென்னைப் பதிவேடு அத்தகையது. உயிர்வாழ்வு விழுக்காடு பயனற்ற எண் என்பதும் தவறு. ஒரே நிலையில் நோய் கண்டறியப்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, இரண்டு மருந்துகளை ஒப்பிடும்போது அதுவே உரிய அளவுகோல். அங்கு இருசாராரின் கடிகாரமும் ஒரே இடத்தில் தொடங்குகிறது.

குலுக்கல் ஆய்வில் மிகை நோயறிதலை அளக்கவும் ஒரு வழி உண்டு. முன்சோதனை நடக்கும்போது சோதிக்கப்படும் குழுவில் நோயாளிகள் மிகுவர். அதில் முந்துகாலத்தால் வந்த மிகுதியும் மிகை நோயறிதலால் வந்த மிகுதியும் கலந்திருக்கும். பின்னர் சோதனையை நிறுத்திவிட்டுப் பல்லாண்டுகள் காத்திருக்க வேண்டும். முந்துகாலம் மட்டும் காரணமானால், மற்றக் குழுவில் அதே நோய்கள் பிந்தி வெளிப்பட்டு எண்ணிக்கை சமமாகிவிடும். சமமாகாமல் எஞ்சும் மிகுதியே மிகை நோயறிதல். காத்திருக்கும் காலம் குறைந்தால் அளவு மிகையாகத் தெரியும். மற்றக் குழுவினரும் இடையில் தாமாகச் சோதித்துக்கொண்டால் குறைவாகத் தெரியும். ஒரே நோய்க்கு வெவ்வேறு ஆய்வாளர்கள் வெகுவாக வேறுபட்ட எண்களைத் தருவதற்கு இதுவே முதன்மைக் காரணம். அளவிட்ட பின்னும், கண்டறியப்பட்ட இருநூறு பேரில் அந்த நூறு பேர் யாவர் என்பதை எவராலும் சுட்டிக்காட்ட இயலாது.

குலுக்கல் ஆய்வுகளுக்கு விலையும் உண்டு. திண்டுக்கல், மும்பை, மகாராட்டிரத்தின் உசுமானாபாத் ஆகிய இடங்களில் நடந்த கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆய்வுகளில் ஒரு பகுதிப் பெண்களுக்குச் சோதனை வழங்கப்படாதது 2010களில் கடும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. உயிரணுச் சோதனையால் பயனுண்டு என்பது மேலைநாடுகளில் முன்பே தெரிந்ததுதானே என்று கண்டித்தோர் கேட்டனர். செவிலியர் கண்ணால் பார்க்கும் முறை இந்தியச் சிற்றூர்களில் இறப்பைக் குறைக்குமா என்பது அப்போது தெரியாது என்றும், அச்சிற்றூர்களில் வேறு எந்தச் சோதனையும் வழக்கத்தில் இருக்கவில்லை என்றும் ஆய்வாளர்கள் மறுமொழி கூறினர். சோதனை வழங்கப்படாத திண்டுக்கல் தொகுதிகளில் இறந்த 92 பெண்களின் எண்ணிக்கை இல்லாவிடில் மேலே கண்ட 35 விழுக்காடு என்னும் எண்ணும் கிடைத்திராது.